கிரீன்லாந்தில் பார்லி விளைந்ததே, அதற்கென்ன பதில்?

வடகாற்று: கி.பி. 985இல் வைக்கிங்குகள் கிரீன்லாந்தில் குடியேறி பார்லி விதைத்தார்கள். அப்போது காரும் இல்லை, ஆலையும் இல்லை. பிறகு குளிர் வந்தது, போய்விட்டார்கள். வெப்பம் வரும், போகும். இன்றைய வெப்பத்துக்கு மனிதன்தான் காரணம் என்கிறவர்கள் பார்லிக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை: கருகிய பார்லி மணிகள் கிடைத்தது உண்மைதான். ஆனால் எங்கே? தென்கோடியில், கடல் உள்ளே புகுந்த பள்ளத்தாக்கின் ஓரத்தில். அங்கே இன்றும் ஆடு மேய்க்கிறார்கள், உருளைக்கிழங்கு போடுகிறார்கள். அந்த மணிகள் அந்தக் கரையின் கதையைத்தான் சொல்லும். அதே நூற்றாண்டுகளில் பசிபிக்கின் கிழக்கு வெப்பமண்டலப் பகுதி குளிர்ந்து கிடந்தது, மேற்கு அமெரிக்கா நெடும் வறட்சியில் காய்ந்தது. பழைய வெப்பநிலையின் தடயம் பதிந்த மர வளையம், பவளம், பனிக்கட்டி எல்லாம் சேர்த்து 2019இல் வந்த ஆய்வைப் பாருங்கள். வைக்கிங்குகள் காலத்து அந்த இடைக்கால வெப்பம் ஊருக்கு ஊர் வேறு வேறு நூற்றாண்டில் உச்சம் தொட்டிருக்கிறது. கடந்த 2000 ஆண்டுகளில் மிக வெப்பமான காலம் 20ஆம் நூற்றாண்டில்தான் என்பது பூமியின் 98 விழுக்காட்டுப் பரப்புக்குப் பொருந்துகிறது.

வடகாற்று: ஆக பார்லி விளைந்தது! ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

லண்டன்வாசி: நான் இங்கே வந்து பல வருடம் ஆகிறது, தேம்ஸ் ஒருமுறைகூட உறைந்ததில்லை. 1814இல் ஆற்றின் மேல் சந்தையே நடத்தினார்களாம். இடைக்கால வெப்பத்துக்குப் பிறகு சில நூற்றாண்டு நீடித்த குளிரான சிறு பனிக்காலம் உலகம் முழுக்க இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கணக்குப்பிள்ளை: தேம்ஸ் உலகம் இல்லை, ஐயா. பழைய லண்டன் பாலத்தின் குறுகிய கண்கள் நீரோட்டத்தைத் தடுத்ததும் ஆறு உறைய ஒரு காரணம். 1831இல் அதை இடித்த பிறகு நீர் வேகமாக ஓடியது. குளிரின் உச்சமும் ஒரே காலத்தில் வரவில்லை. பசிபிக்கில் 15ஆம் நூற்றாண்டு, வடமேற்கு ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு, பல இடங்களில் 19ஆம் நூற்றாண்டு.

லண்டன்வாசி: பாலத்தைக் காட்டிக் குளிரே இல்லை என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை: குளிர் இல்லை என்று எங்கே எழுதினேன்? வரியைப் படியுங்கள்.

பனிமலர்: கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் பாதி சரி. பூமியின் தென் அரைக்கோளத்தில் பழைய சான்றுகள் மிகக் குறைவு. அங்கே எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை: குறைவுதான், அங்கே பிழை வரம்பு பெரிது. ஆனால் அளவைப் பாருங்கள். இடைக்காலத்திலிருந்து சிறு பனிக்காலத்துக்கு உலகச் சராசரி இறங்கியது ஒரு டிகிரியில் பத்தில் சில பங்குதான், அதற்கும் பல நூற்றாண்டு பிடித்தது. இப்போது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஒரு டிகிரிக்கும் மேல் ஏறிவிட்டது. பெரும்பங்கு 1970களுக்குப் பிறகு.

வடகாற்று: போன மாதம் சூரியப்புள்ளி இழையிலும் இப்படித்தான் எண்களைக் கொட்டி என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை. பார்லி?

கணக்குப்பிள்ளை: அந்த இழையிலும் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. கிரீன்லாந்தில் வெப்பமாக இருந்த அதே ஆண்டுகளில் பசிபிக் ஏன் குளிர்ந்தது?

வடகாற்று: பசிபிக்கில் யார் பார்லி விதைத்தார்கள்? 1408இல் கிரீன்லாந்தின் ஹ்வால்சே தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது, அதற்குப் பிறகு அந்த மக்களைப் பற்றி எழுத்தே இல்லை. குளிர் விரட்டியது.

பனிமலர்: குளிர் மட்டுமா? அவர்கள் விற்ற வால்ரஸ் தந்தத்துக்கு ஐரோப்பாவில் மவுசு போனதும் ஒரு காரணம் என்கிறார்களே.

வடகாற்று: தந்தம் வேறு இழை, அம்மா. இங்கே பார்லி.