சமூக அறிவியல் பேப்பர்ல பையன் சொல்ல டீச்சர் எழுதுனாங்க, எங்க அனுபவம் (பத்தாவது, டிஸ்லெக்சியா)

கோபி அம்மா:
என்ற பையன் தமிழ் மீடியம், இந்த வருஷம் பத்தாவது எழுதுனானுங்க. டிஸ்லெக்சியான்னு சர்டிபிகேட் வாங்கி ஹெச்.எம். மூலமா தேர்வுத்துறைக்கு அனுப்பி, எழுத ஒரு ஆளும் கூட ஒரு மணி நேரமும் ஆர்டர் வந்துச்சு. மத்த பேப்பரெல்லாம் விடுங்க, சமூக அறிவியல்ல நடந்தத சொல்றேன்.

இவனுக்கு சரித்திரம்னா உசுரு. தீரன் சின்னமலை கதைய ஓடாநிலைல இருந்து சங்ககிரி கோட்டை வரைக்கும் அவங்க தாத்தா சொன்ன மாதிரியே சொல்லுவான், ஆடி பதினெட்டுக்கு ஓடாநிலைக்கு கூட்டிட்டு போவோம், அதனால மனசுல அப்படியே நிக்குது. ஆனா எழுதச்சொன்னா 1805ன்றது 1850 ஆயிரும், சங்ககிரில ஒரு 'க' காணாம போயிரும், அர மணி நேரத்துல ஆறு வரி. ஸ்கூல் டெஸ்ட்ல 30 தாண்டுனதில்ல.

எழுத ஆள் வர்றாங்கன்னதும் இனி கவலயில்லன்னு நெனச்சுட்டேன், அங்கதான் தப்பு பண்ணுனேன். பரீட்சைக்கு ஒரு மாசம் முன்ன பக்கத்து வீட்டுப் பொண்ண உக்கார வெச்சு ஒரு அஞ்சு மார்க் கேள்விக்கு சொல்லச்சொன்னா, கதை மாதிரி கடகடன்னு பேசுறான், அந்தப் புள்ளைக்கு பாதிதான் எழுத முடிஞ்சுது, நடுவுல "இருங்க இருங்க, அதுக்கு முன்னாடி ஒன்னு"ன்னு திரும்பிப் போறான். ஒரு பதிலுக்கு 25 நிமிஷம்! அதுமாதிரி பத்து பதில் சொல்லணும். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

திருப்பூர் அப்பா:
அக்கா ஒரு சந்தேகம். எழுத ஆள் குடுத்துட்டா எக்ஸ்ட்ரா டைம் கிடையாதுன்னு எங்க ஸ்கூல்ல சொன்னாங்களே, ரெண்டுல ஒன்னுதானாமா. யோசிச்சா அதுவும் நியாயமாத்தான படுது, ஆள் எழுதுறப்ப டைம் எதுக்கு?

பெருந்துறை வாத்தியார்:
வணக்கம்ங்க, நான் சரித்திர வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவன், வேற ஸ்கூல்ல மூணு நாலு தடவ ஸ்க்ரைபா உக்காந்துருக்கேன். தம்பி, ரெண்டும் சேந்தே கிடைக்கும், விண்ணப்பத்துல ரெண்டையும் கேக்கணும், அவ்வளவுதான். ஒன்னு கேட்டா ஒன்னுதான் வரும், அதனால உங்க ஸ்கூல்ல அப்படி சொல்லியிருப்பாங்க. மத்திய அரசோட 2018 வழிகாட்டுதல்லயே மணிக்கு 20 நிமிஷத்துக்கு கொறையாமன்னு இருக்குது, மூணு மணி நேர பரீட்சைக்கு அது ஒரு மணி நேரம் வருது. ஆள் இருந்தாலும் டைம் எதுக்குன்னா, கேள்விய ரெண்டு தடவ படிச்சுக் காட்டணும், பையன் யோசிச்சு சொல்லணும், நான் எழுதணும், எழுதுனத திரும்ப படிச்சுக் காட்டணும். ஒரு வேல நாலு வேல ஆகுது பாருங்க.

அந்த அம்மாவுக்கு: 25 நிமிஷம்னா பையனுக்கு விஷயம் தெரியாம இல்ல, சொல்லத் தெரியல. மொதல்ல விரல மடக்கி பாயிண்ட் எண்ணச் சொல்லுங்க, அப்பறம் ஒவ்வொரு வாக்கியமா, எழுதுறவங்க பேனா நின்னதும் அடுத்தது. இதப் பழக்கணும்.

கோபி அம்மா:
சாரு சொன்ன அதேதானுங்க ஒரு மாசமா பண்ணுனோம். கட்டைவிரல் யாரு, ஆள்காட்டி எதுக்கு சண்ட, நடுவிரல் எங்கெங்க, மோதிரவிரல் எப்படி புடிச்சாங்க, சுண்டுவிரல் எப்ப, எங்க முடிஞ்சுது. 25 நிமிஷம் 12க்கு வந்துச்சு. அப்பறம் உக்காந்து கணக்கு போட்டேன். ஒரு மார்க் பதினாலுக்கும் சேத்து 15 நிமிஷம், ரெண்டு மார்க் பத்துக்கு 40, அஞ்சு மார்க் பத்துக்கு 120, எட்டு மார்க் ரெண்டுக்கு 40. ஆக 215. நாலு மணி நேரத்துல மீதி 25 நிமிஷம், அது படிச்சுக் காட்டச் சொல்றதுக்கு.

பரீட்சை அன்னைக்கு தனி ரூம், வந்தவங்க ஆரம்பப் பள்ளி டீச்சரம்மா, தங்கமானவங்க. ஆனா ஒரு மார்க் கேள்வில வருஷத்த "ஒன்னு, எட்டு, பூஜ்ஜியம், ஆறு"ன்னு ஒவ்வொரு நம்பரா படிச்சாங்களாம், இவனுக்கு தல சுத்திருச்சு. "டீச்சர், முழுசா சொல்லுங்க"ன்னு கேட்ருக்கான். "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு"ன்னதும் "வேலூர் புரட்சி"ன்னுட்டான். சின்னமலை போன அடுத்த வருஷம்னு அவன் மனசுல ஒட்டி வெச்சிருக்கான். காதுல கேட்டா அஞ்சும் அம்பதும் அவனுக்கு கொழம்பறதேயில்ல, கண்ணுல பாத்தாத்தான்.

காலக்கோட்டுலயும் அப்படித்தான், கோட்டையும் வருஷத்தையும் டீச்சர் போட்டுட்டாங்க, எந்த வருஷத்துக்கு எதுன்னு இவன் சொல்லிட்டான். சம்பாரண் 1917, ஜாலியன் வாலாபாக் 1919, சௌரி சௌரா 1922ன்னு. மேப்புல இவன் விரல வெச்சு காட்ட அவங்க குறிச்சாங்க. சென்டர்ல அப்படித்தான் ஒத்துக்கிட்டாங்க.

அன்னூர் அக்கா:
என்ற பொண்ணுக்கு கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குங்க, அவளுக்கும் ஆள் கேக்கலாமா? இங்கிலீஷ்ல பேசறதுக்கும் கூச்சப்படறா.

பெருந்துறை வாத்தியார்:
கையெழுத்து மோசம்னு மட்டும் சொன்னா குடுக்க மாட்டாங்கம்மா. வாசிக்கறப்பவும் எழுத்து மாறுதா, வரி தாண்டுதான்னு பாருங்க. அப்படி இருந்தா சைக்காலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க, இல்லீன்னா நாலு கோடு நோட்டுதான். கூச்சம் வேற கத.

கோபி அம்மா:
எனக்கு ஒன்னு மட்டும் இன்னும் உறுத்துதுங்க சார். பையன் பேசறது எங்கூரு பேச்சுதான? "வெள்ளக்காரன் அவர சங்ககிரில தூக்குல போட்டுட்டானுங்க"ன்னு சொல்லிருக்கான். டீச்சரம்மா அப்படியே எழுதிட்டாங்களாம், "சொன்னது மட்டும்தான் எழுதணும்"னு. தமிழ்ல புஸ்தகத் தமிழ் வேற, பேசற தமிழ் வேற. இதுக்கு மார்க் கொறச்சிருப்பாங்களா?

பெருந்துறை வாத்தியார்:
நான் உக்காந்தப்ப "தூக்கில் போட்டார்கள்"னு எழுதுவேன். "தூக்கிலிடப்பட்டார்"னு எழுத மாட்டேன், அது என்னோட வாக்கியம் ஆயிரும். பையன் சொன்ன சொல்லு, சொன்ன வரிசை, அதுல கை வெக்கக்கூடாது, முடிவு எழுத்த மட்டும் எழுத்துத் தமிழாக்குனேன். திருத்தறவங்க சரித்திரத்துல பாயிண்ட்டத்தான் பாப்பாங்க, இருந்தாலும் பேச்சு பேச்சாவே இருந்தா மொகம் சுளிக்கறவங்களும் உண்டு.

பொள்ளாச்சி டீச்சர்:
சார், மன்னிக்கணும், அதுவும் தப்புதான். இன்னைக்கு முடிவெழுத்து, நாளைக்கு இன்னொருத்தர் மொத்த பத்தியவே மாத்துவாரு. கோடு எங்க போடுவீங்க? நான் உக்காந்தா அப்படியேதான் எழுதுவேன். பழக்கறப்பவே "தூக்கில் போட்டார்கள்"னு சொல்லப் பழக்கிறோணும். எழுத்துத் தமிழ்ல பேசறது இந்தக் கொழந்தைகளுக்கு வரும், மேடைல பேசறப்ப பேசறதில்லயா.

பெருந்துறை வாத்தியார்:
மேடைப்பேச்சு மனப்பாடம்ங்க டீச்சர். பரீட்சைல யோசிச்சுட்டே புஸ்தகத் தமிழ்லயும் பேசுன்னா, அவனுக்கு எழுதறதுல இருந்த பாரத்த வாய்க்கு மாத்துற மாதிரி ஆயிரும்.

கோயமுத்தூர் சித்தி:
என்ற நாத்தனார் பையன் லண்டன் பக்கம், அவனுக்கு 25 சதவீதம் நேரம் கூட. அங்க சரித்திரத்துல சில கேள்விக்கு ஸ்பெல்லிங்குக்குன்னு தனி மார்க்காமா, ஆள் எழுதுனா புள்ளை ஒவ்வொரு எழுத்தா சொன்னாத்தான் அந்த மார்க்கு. அங்க ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டாங்க.

பொள்ளாச்சி டீச்சர்:
இங்க பிரிக்கலையே, அதான பிரச்சன.

கோபி அம்மா:
ரிசல்ட்டுல 71 வந்துச்சுங்க. சின்னமலை பதிலுக்கு எவ்வளவு போட்டாங்கன்னு தெரியல. மதியம் ரெண்டேகாலுக்கு வெளிய வந்தவன் மொத கேட்டது "பசிக்குது"ன்னுதான், மத்த புள்ளைங்க ஒன்னேகாலுக்கே போயிட்டாங்க. அடுத்த வருஷம் எழுதற புள்ளைகளுக்கு உள்ள பிஸ்கட்டு கொண்டுபோக விடுவாங்களான்னு யாராச்சும் சென்டர்ல கேட்டு சொல்லுங்க.