நிக்காப் அணிந்த சாட்சியும் நியாயமான விசாரணையும்: வகுப்புக்கு எந்தக் கேள்விகளைக் கொடுப்பது?

சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர் (சுங்கை சிப்புட்):
எங்கள் ஊர்க் கடைவீட்டு மாடியில் நடக்கும் சட்ட வகுப்பில் அடுத்த வாரம் கனடா உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்த என்.எஸ். வழக்கை எடுக்கிறேன். "சாட்சியின் மதச் சுதந்திரமும் குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயமான விசாரணை உரிமையும் மோதினால் எது மேலானது?" என்று கேள்வி எழுதியிருக்கிறேன். இது போதுமா, பிரித்துக் கேட்க வேண்டுமா?

தைப்பிங் வழக்கறிஞர்:
ஐயா, "எது மேலானது" என்று கேட்டால் அந்த நீதிமன்றம் பதில் சொல்ல மறுத்த கேள்வியை மாணவர்களிடம் தள்ளிவிடுகிறீர்கள். எந்த உரிமையும் பிறப்பிலேயே மற்றொன்றுக்கு மேலானதல்ல என்ற இடத்திலிருந்துதான் அத்தீர்ப்பு தொடங்குகிறது.

முதலில் வழக்கின் விவரத்தைத் தெளிவாகக் கொடுங்கள். சிறுவயதில் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக உறவினர் இருவர் மீது ஒரு பெண் புகார் கொடுத்தார். தொரொன்தோவில் நடந்த முதற்கட்ட விசாரணையில், முகத்தை மூடும் நிக்காப்புடன் சாட்சியம் அளிக்க விரும்பினார். குறுக்கு விசாரணையின்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கோரியது. ஓட்டுநர் உரிமத்திற்காக அவர் முகம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டவர் என்பதைச் சுட்டி, அவருடைய நம்பிக்கை அவ்வளவு வலுவானதல்ல என்று கருதிய நீதிபதி நிக்காப்பைக் கழற்ற உத்தரவிட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் நால்வர் கொண்ட பெரும்பான்மை, தலைமை நீதிபதி மெக்லாக்லின் வழியாக நான்கு கேள்விகளை வரிசையாக வைத்தது. கழற்றச் சொல்வது அவருடைய மதச் சுதந்திரத்தில் குறுக்கிடுகிறதா? அணிய அனுமதித்தால் விசாரணையின் நியாயத்துக்குக் கடுமையான ஆபத்து உண்டா? இரண்டையும் காப்பாற்றும் வழி ஏதேனும் இருக்கிறதா? வழியே இல்லையென்றால், கழற்றச் சொல்வதால் வரும் நன்மை அதனால் வரும் தீமையைவிடப் பெரிதா? மாணவர்கள் பெரும்பாலும் நான்காவதற்கு நேராகத் தாவிவிடுவார்கள். உங்கள் கேள்வி அந்தத் தாவலுக்கு வழிகாட்டுகிறது.

ஓய்வுபெற்ற கிராணி:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கனடா வரை போவானேன்? எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலையே கேள்வியாக வைக்கலாம். லயன் வீடுகள் இருந்த காலத்தில் தோட்ட மக்கள் கட்டிய கோயில் அது. பின்னர் நிலம் கைமாறியதும் புதிய உரிமையாளர் கோயிலை அகற்றச் சொன்னார். எங்களுக்கு மலேசிய அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவின் வழிபாட்டு உரிமை, அவருக்கு 13-ஆம் பிரிவின் சொத்துரிமை. இரண்டு சுதந்திரங்கள் மோதுவது இதைவிட வேறெங்கே தெளிவாகத் தெரியும்?

தைப்பிங் வழக்கறிஞர்:
ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு அது பொருந்தாது. அடிப்படை உரிமைகளை மீறியதாக அரசையும் அதன் அமைப்புகளையும் எதிர்த்துத்தான் வழக்காடலாம், தனியாரை எதிர்த்து அல்ல என்று, கருவுற்ற விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தை வாங்கியவர் தனியார் என்றால், உங்கள் வாதம் நிலச் சட்டத்துக்குள்தான் நடக்க வேண்டும். அரசு நிலமாக இருந்து மாவட்ட அலுவலகம் நோட்டீசு கொடுத்திருந்தால் பேச்சு வேறு.

ஓய்வுபெற்ற கிராணி:
அப்படியானால் என் உரிமையை நசுக்குகிறவர் தனியார் என்பதாலேயே அரசியலமைப்பு கண்ணை மூடிக்கொள்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு இதில் பெரிய சிக்கல் தெரியவில்லை. சிவராசா ராசையா வழக்கில் 2010-இல் கூட்டரசு நீதிமன்றம், ஒரு கட்டுப்பாடு அதன் நோக்கத்துக்கு அளவானதா என்று பார்க்கும் விகிதாச்சாரச் சோதனையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அதையே இங்கும் போட்டால் விடை வந்துவிடும். மேலும், படத்துக்காக முகத்தைக் காட்டியவர் நீதிமன்றத்தில் காட்ட மறுப்பது முரண்பாடு. அந்த நீதிபதி சொன்னதில் என்ன தவறு?

தைப்பிங் வழக்கறிஞர்:
தம்பி, முதல் பாதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. விகிதாச்சாரம் நம் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் சிவராசா வழக்கில் தராசின் ஒரு தட்டில் உரிமையும் மறுதட்டில் நாடாளுமன்றம் இயற்றிய கட்டுப்பாடும் இருந்தன. அங்கே கட்டுப்பாட்டை நியாயப்படுத்தும் சுமை அரசுடையது. என்.எஸ். வழக்கில் இரண்டு தட்டிலும் உரிமைகள். சாட்சியின் உரிமைக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் விளக்கம் சொல்ல வேண்டுமா, அவருடைய உரிமைக்காகச் சாட்சி விளக்கம் சொல்ல வேண்டுமா? ஒரு பக்கச் சோதனையை அப்படியே தூக்கிவந்தால், யாரை முதலில் மனுதாரராக வைக்கிறாயோ அவரே வெல்வார்.

இரண்டாவது பாதியில் நீ விழுந்த குழியில்தான் அந்த நீதிபதியும் விழுந்தார். முதற்கேள்வி நம்பிக்கை உளமார்ந்ததா என்பது மட்டுமே. எவ்வளவு வலுவானது என்பது அந்தப் படியில் வராது, எடைபோடும் கடைசிப் படியில்தான் வரும் என்றது உச்ச நீதிமன்றம். அவருடைய படத்தை எடுத்தவர் ஒரு பெண் என்பதையும் மறக்காதே. ஒருமுறை விதிவிலக்கு கொடுத்தவர் பொய்யாக நம்புகிறார் என்றாகிவிடாது.

வகுப்புக்கு இங்கே நல்ல ஒப்பீடு இருக்கிறது. சர்பான் என்னும் தலைப்பாகை கட்டி வந்ததற்காக நெகிரி செம்பிலானில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று மாணவர்களின் வழக்கில், 2006-இல் நம் கூட்டரசு நீதிமன்றம், அந்த நடைமுறைக்கு மதத்தில் எவ்வளவு முக்கியத்துவம், தடை எவ்வளவு பரந்தது, சூழல் என்ன என்றெல்லாம் பார்த்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே அவர்கள் சர்பான் அணியத் தடையில்லை என்பதும் கணக்கில் வந்தது. கனடாவில் அந்த மனிதர் உண்மையாக நம்புகிறாரா என்ற கேள்வி. இங்கே மதம் அதை எவ்வளவு வலியுறுத்துகிறது என்ற கேள்வி. முதற்படியிலேயே வழக்கின் விடை மாறக்கூடிய இடம் இது.

முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
வழக்கறிஞர் அவர்களே, முதற்கேள்வியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இரண்டாவதை வேகமாகக் கடந்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?

பல ஆண்டுகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தோட்டத்துச் சாட்சிகளுக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்றவள் நான். நம் மூத்த தலைமுறைப் பெண்கள் அதிகாரி முன்னால் நின்றால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள், அது மரியாதை. அதையே மறைப்பதாக எடுத்துக்கொண்ட வழக்கறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். சாட்சி தயங்குவது கேள்வி புரியாததாலா, பொய் சொல்வதாலா என்பது, பதில் என் வாய்வழியாக வரும்போது பாதி மறைந்துவிடும். அந்த இழப்பை எந்த நீதிமன்றமும் விசாரணையின் நியாயத்தைக் கெடுப்பதாகச் சொல்வதில்லை. அதே வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி அபெல்லாவும் இதைத்தான் சொன்னார்: மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவர்களையும், உடல்நிலையால் முகபாவம் காட்ட முடியாதவர்களையும் ஏற்கும் நீதிமன்றம், நிக்காப்பை மட்டும் ஏன் சகிக்க முடியாததாகக் கருத வேண்டும்? முகமே வழக்கின் பொருளாக இருக்கும்போது, எடுத்துக்காட்டாக அடையாளம் பற்றிய சிக்கலில், கழற்றச் சொன்னால் போதும் என்பது அவர் நிலை.

தைப்பிங் வழக்கறிஞர்:
அக்கா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்ப்பது நீதிபதிக்கு மட்டும் தேவைப்படுவதல்ல. குறுக்கு விசாரணை செய்பவன் ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையில் சாட்சியின் முகத்தைப் பார்த்தே, இங்கே அழுத்தலாமா, நகரலாமா என்று முடிவெடுக்கிறான். என் கட்சிக்காரர் பல ஆண்டுகள் சிறைக்குப் போகலாம், அவருக்கு எதிராக இருப்பது ஒரே ஒரு சாட்சியின் சொல் என்றால், அந்தக் கருவியை நான் எளிதில் விட்டுக்கொடுக்க முடியாது. பெரும்பான்மையும் இதைத்தான் கருதியது: முகத்தைப் பார்ப்பது பயனற்றது என்று காட்டும் நிபுணர் சாட்சியம் எதுவும் முன்னால் இல்லாதபோது, பழைய வழக்காற்றை எப்படித் தூக்கி எறிவது? சாட்சியம் மையமானது, நம்பகத்தன்மையே கேள்வி என்றால், தவறான தண்டனையின் ஆபத்து தராசைக் கழற்றும் பக்கம் சாய்க்கும். அதே சமயம், யாரும் மறுக்காத சாட்சியமாக இருந்தால் நிக்காப்புடனே சொல்லலாம் என்றும் ஒப்புக்கொண்டது.

முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
நிரூபிக்கும் சுமையைச் சாட்சியின் தலையில் வைத்துவிட்டீர்கள். முகம் பயன்படாது என்று அவர் காட்ட வேண்டுமா, பயன்படும் என்று நீங்கள் காட்ட வேண்டுமா? கழற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தால் அடுத்த பெண் புகாரே கொடுக்க மாட்டாள் என்ற தீமையையும் பெரும்பான்மை தராசில் ஏற்றச் சொன்னதே, அதை உங்கள் பதிலில் காணவில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவன்:
இந்த வாதத்தைப் படித்த பிறகு எனக்கு அதே வழக்கில் நீதிபதிகள் லெபெல், ராத்ஸ்டைன் இருவரும் சொன்னதே பிடிக்கிறது. நீதிமன்றத்தில் நிக்காப் கூடாது என்று ஒரே தெளிவான விதி. ஒவ்வொரு வழக்கிலும் எடைபோட்டால், சாட்சிக் கூண்டில் ஏறும்வரை அந்தப் பெண்ணுக்குத் தன் நிலை தெரியாது. ஈப்போவில் ஒரு விடை, கோலகங்சாரில் ஒரு விடை என்றும் ஆகலாம்.

தைப்பிங் வழக்கறிஞர்:
அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தெளிவான விதி மூன்றாவது கேள்வியையே அழித்துவிடும், தம்பி. நம் நாட்டில் அந்தக் கேள்விக்குப் பொருள் நிறைய உண்டு. குழந்தைச் சாட்சிக்குத் திரை, நேரடி காணொளித் தொடர்பு ஆகியவற்றை 2007-ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சியச் சட்டம் அனுமதிக்கிறது; வயது வந்தோருக்கும் காணொளி வழியாகச் சாட்சியம் அளிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீதிபதியும் வழக்கறிஞர்களும் மட்டும் முகத்தைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தால் சாட்சி ஏற்பாரா? அந்த வழக்கறிஞர்கள் பெண்களாக இருந்தால்? இவற்றைத் தேடாமல் நேராக எடைபோடுவது சோம்பல்.

சனிக்கிழமை வகுப்பு ஆசிரியர்:
அனைவருக்கும் நன்றி. என் கேள்வியை இப்படி மாற்றுகிறேன்; குறை இருந்தால் சொல்லுங்கள்.

நிகழ்வு பேராக்கில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஜூரி முறை 1995-இலேயே முடிந்துவிட்டதால் நீதிபதி தனியாகவே விசாரிக்கிறார். புகார்தாரர் ஒருவரே சாட்சி. அவர் நிக்காப் அணிந்தவர். முதலில், அவருடைய 11-ஆம் பிரிவு உரிமை தொடப்படுகிறதா என்பதை உளமார்ந்த நம்பிக்கை என்ற அளவுகோலாலும், சர்பான் வழக்கின் அளவுகோலாலும் தனித்தனியே சோதித்து, விடை எங்கே பிரிகிறது என்று எழுத வேண்டும். அடுத்து, அந்த உரிமைக்கு வரம்பாக 11(5) பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகிய மூன்றையே சொல்கிறது. நியாயமான விசாரணை அந்தப் பட்டியலில் இல்லை, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 5(1)-இன் வழியாகத்தான் வருகிறது. அப்படியிருக்க, அது மதச் சுதந்திரத்தை எந்த வழியில் கட்டுப்படுத்த முடியும்? பிறகு, இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஏற்பாடு ஒன்றை வரைந்து, அதை யார் எக்காரணத்தால் மறுப்பார் என்றும் சொல்ல வேண்டும். அது தோற்றால் மட்டுமே எடைபோட வேண்டும்.

முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
ஒன்று சேருங்கள், ஆசிரியர் ஐயா. அதே சாட்சி தமிழில் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதில் சொல்கிறார் என்று உண்மையை மாற்றினால், இரண்டாவது கேள்விக்கான விடை மாறுமா? மாறாது என்பவர் காரணம் எழுதட்டும்.

தைப்பிங் வழக்கறிஞர்:
மாறாது என்று நான் எழுதுவேன்; காரணத்தை வகுப்பு முடிந்த பிறகு சொல்கிறேன். 5(1), 11(5) பற்றிய கேள்விக்கு மட்டும் மதிப்பெண் திட்டத்தில் ஒரே விடையை எழுதிவிடாதீர்கள், ஐயா. பேராக்கில் வாதாடும் எங்களுக்கே அதில் இரண்டு கருத்து உண்டு.