புதுப்பிப்பு: ரிட்டர்ன் லோடு ஸ்டார்ட்அப், மார்க்கெட் சைஸ் ஸ்லைடு

முன்னாடி கேட்டது: "சேலத்துல லோடு இறக்கின லாரிகள் காலியாத் திரும்பாம இருக்க ரிட்டர்ன் லோடு பிடிச்சுக் கொடுக்கிறோம். ஆரம்பக் கட்டத்துலயே பணம் போடுற சீட் முதலீட்டாளருக்கு இந்தியாவோட மொத்த லாரி வாடகையையும் மார்க்கெட் சைஸ்னு காட்டலாமா?"

காட்டலை. செவ்வாய்பேட்டையில புக்கிங் ஆபீஸ் நடத்துற அண்ணன் ஒருத்தர், "வாடகை லாரிக்காரனுக்குப் போகுது தம்பி, உனக்கு கமிஷன்தானே?"ன்னார். 30,000 ரூபாய் வாடகைக்கு 5 சதவீதம்னா நமக்கு 1,500. ஜவ்வரிசி ஆலை, ஸ்டீல்னு மாசம் 10,000 லோடு பிடிக்க முடியும்னு வச்சாலும் மாசம் ஒன்றரைக் கோடிதான். சின்னதாத் தெரியுது. அதனால சங்ககிரி, நாமக்கல் லோடுகளை அடுத்த கட்டமாத் தனியாக் காட்டினோம்.

டிராக்‌ஷனுக்கு, அதாவது ஆளுங்க நிஜமாவே பயன்படுத்துறாங்கன்னு காட்ட, ஆப் டவுன்லோடு வளர்ச்சியைப் போடச் சொன்னார் ஒரு நண்பர். வளர்ச்சி தெரியணும்கிறது சரிதான். ஆனா டவுன்லோடு பண்ணவங்க லோடு போடணுமே! முதல் மாசம் லோடு போட்ட ஆலைகள்ல எத்தனை பேர் மூணாவது மாசமும் போட்டாங்கன்னு வச்சோம்.



இன்னும் இடிக்கிறது ஒண்ணு: முதல் லோடுக்கு அப்புறம் ஆலையும் டிரைவரும் நம்மளை விட்டுட்டு நேரடியா போன்ல பேசிக்கிறாங்க, நமக்குக் கமிஷன் வர்றதில்லை. மூணாவது மாச எண்ணிக்கையில அந்த ஓட்டை அப்படியே தெரியுது. முதலீட்டாளர் கேட்டா என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவாகலை.