தாத்தா நினைவு மலர்க் குழு: அடிக்குறிப்பில் எந்தப் பிரதி?

கலைச்செல்வி, மாலை 6:05
எல்லோருக்கும் வணக்கம். மலர் நாளை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். பாலம் சரிந்தபோது தாத்தா சொன்ன கருத்தை ஒரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதே செய்தி இப்போது ஏழு தளங்களில் கிடைக்கிறது. அடிக்குறிப்பில் எதைக் காட்டுவது?

சித்தப்பா, 6:09
தலைப்பிலேயே அப்பாவின் பெயரைப் போட்ட நாளிதழைக் காட்டு.

அண்ணன், 6:10
ஏழையும் போட்டுவிடலாம். ஏழு பேர் எழுதியிருந்தால் செய்தி உறுதியானது என்று படிப்பவர்களுக்குத் தெரியும்.

பெரியப்பா, 6:21
ஏழு பேர் எழுதவில்லை, தம்பி. ஒருவர் எழுதியதை ஏழு இடங்களில் வெளியிட்டிருக்கிறார்கள். நான் செய்தி மேசையில் இருந்தவரை, நிறுவனத்திலிருந்து வரும் செய்திக்குத் தலைப்பை நாங்களே வைப்போம். இடம் போதாவிட்டால் கீழிருந்து பத்திகளை வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும்படிதான் அந்தச் செய்திகள் எழுதப்படுகின்றன. கலை, தாத்தாவின் கூற்று எந்தப் பத்தியில் வருகிறது?

கலைச்செல்வி, 6:24
கடைசிப் பத்தியில் வருகிறது, பெரியப்பா. இரண்டு தளங்களில் அந்தப் பத்தியே இல்லை.

பெரியப்பா, 6:26
அப்படியானால் அந்த இரண்டும் நமக்கு உதவாது. அவர் சொன்னதற்குச் சான்று தேடிப் போகிறவர் அங்கே வெறுங்கையோடுதான் திரும்புவார்.

அத்தை, 6:30
என் கட்டுரையை ஒரு தளம் எடுத்துப் போட்டது நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் அந்த இணைப்பைத்தான் அனுப்பினேன். சில மாதங்களில் பக்கமே காணாமல் போய்விட்டது. என் பெயரையாவது ஒழுங்காகப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

பெரியப்பா, 6:38
நீ சொல்வது இங்கேயும் பொருந்தும், தங்கச்சி. எடுத்து வெளியிடும் தளங்கள் பல, உரிமைக் காலம் முடிந்ததும் பக்கத்தை நீக்கிவிடுகின்றன. ஆகவே எதைத் தேர்ந்தாலும் அந்தப் பக்கத்தை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து, அந்த முகவரியையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். கலை, காயமடைந்தவர்களின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றுதானா?

கலைச்செல்வி, 6:47
இல்லை. கூற்று இருக்கும் ஐந்தில் மூன்று தளங்கள் 14 என்கின்றன. அவற்றில் ஒன்றின் அடியில் “உரையில் மாற்றம் இல்லை, தலைப்பு மட்டும் மாற்றப்பட்டது” என்ற வரியும் இருக்கிறது. சித்தப்பா சொன்ன நாளிதழிலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் 11 என்று இருக்கிறது. நிறுவனத்தின் பக்கத்தில் மட்டும் எண்ணிக்கை திருத்தப்பட்டதாக ஒரு குறிப்பு உண்டு.

அண்ணன், 6:49
மூன்று பேர் 14 என்றால் 14 தானே சரி?

பெரியப்பா, 7:02
இங்கே தலையை எண்ணக் கூடாது. முதலில் அனுப்பிய செய்தியில் 14 என்று இருந்திருக்கும். பிறகு நிறுவனம் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கும். முதல் வடிவம் தானாகவே ஏறிய தளங்களில் அந்தத் திருத்தத்தைப் பெரும்பாலும் யாரும் போய்ச் செய்வதில்லை. நீ பார்த்த அந்த வரியின் பொருள் இதுதான்: அவர்கள் உரையைத் தொடவில்லை, அதாவது சரிபார்க்கவும் இல்லை. நிறுவனத்தின் பக்கம் இலவசமாகத் திறக்கிறது, கூற்று முழுமையாக இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது என்றால் அதையே காட்டு. நிறுவனம் சந்தாதாரர்களுக்கு மட்டும் தருவதாக இருந்தால், வெட்டாமல் வெளியிட்ட ஒரு பிரதியைக் காட்டி, செய்தி யாருடையது என்று நிறுவனத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

சித்தப்பா, 7:06
அண்ணா, அப்பாவின் பெயர் தலைப்பில் வந்தது அந்த ஒரு நாளிதழில்தான். அதை விட்டுவிடச் சொல்கிறீர்களா? அவருக்கு எதுவும் செய்யவில்லை என்று முன்பும் என்னைத்தான் சொன்னீர்கள்.

பெரியப்பா, 7:11
விடச் சொல்லவில்லை, தம்பி. அது அந்த நாளிதழின் மேசை வைத்த தலைப்பு. அதை நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிவிட்டால், தேடுகிறவருக்கு அப்படி ஒரு தலைப்பு நிறுவனத்தின் பக்கத்தில் கிடைக்காது. தலைப்பு, தேதி, முகவரி மூன்றும் ஒரே பிரதியிலிருந்து வர வேண்டும். கலை, அந்த நாளிதழில் கூடுதலாக ஏதாவது இருக்கிறதா?

கலைச்செல்வி, 7:19
இருக்கிறது. இரண்டு பத்திகள் அவர்களுடைய செய்தியாளர் எழுதியவை. தாத்தா முன்பே எழுத்துமூலம் எச்சரித்தார் என்பது அங்கே மட்டும்தான் வருகிறது. அடியில் “நிறுவனத் தகவல்களுடன்” என்று போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா, 7:23
அப்படியானால் அந்தப் பகுதி நிறுவனத்தின் செய்தி அல்ல. எச்சரிக்கையைப் பற்றிய வாக்கியத்துக்கு நாளிதழையும், கூற்றுக்கு நிறுவனத்தையும் காட்டு. இரண்டும் இரண்டு சான்றுகளாகவே நிற்கும்.

சித்தப்பா, 7:25
சரி. ஆனால் நாளிதழின் தலைப்பு படமாகவாவது பெரிதாக வர வேண்டும்.

அத்தை, 7:31
அந்தத் தாளின் நறுக்கு என் பெட்டியில் இருக்கிறது. இணையப் பக்கத்தில் உள்ளதுபோலவே அச்சிலும் இருந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கலைச்செல்வி, 7:33
அச்சுத் தாளில் தேதி மறுநாளாக இருக்கும், அத்தை. படத்தின் கீழே எந்தத் தேதியைப் போடுவது, பெரியப்பா?

பெரியப்பா, 7:40
நறுக்கைக் காட்டினால் அந்தத் தாளின் தேதி, பக்கத்தைக் காட்டினால் பக்கத்தின் தேதி. பெட்டியைத் திறந்த பிறகு பேசுவோம்.