நூறு கிராம் சீஸில் எவ்வளவு புரதம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சரவணன், ம்யூனிக்
ஜிம்மில் பயிற்சி தருபவர் "தினமும் ஒரு டப்பா காட்டேஜ் சீஸ் சாப்பிடு, புரதம் அதிகம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இங்கே எல்லா பாக்கெட்டிலும் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். கடையில் மூன்றை எடுத்துப் பார்த்தேன். காட்டேஜ் சீஸ் 12 கிராம், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஸ்லைஸ் 15, பார்மசான் 33. பார்மசான்தானே ஜெயிக்கிறது? ஏன் எல்லோரும் புரதம் குறைந்த காட்டேஜைச் சாப்பிடச் சொல்கிறார்கள்?

கவிதா, கோவை
உங்க கடையில் தப்பா அச்சடிச்சிருக்காங்க. காட்டேஜ் சீஸ் நூறு கிராமில் 18 கிராமுக்குக் குறையாது. நான் வாரா வாரம் வாங்குறேன், அட்டையில் இருக்கு. டிக்கா போட்டால் இன்னும் நல்லா இருக்கும்.

மீனாட்சி (பால் பண்ணைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு, இப்போது ஓய்வு)
கவிதா, நீங்கள் வாங்குவது பனீர். நம் ஊர் ஓட்டல் மெனுவில் அதற்கும் இதே பெயர்தான், அதனால் வருகிற குழப்பம். அதில் 18 என்பது சரி. சரவணன் சொல்வது கரண்டியால் அள்ளிச் சாப்பிடும், பருக்கை பருக்கையாக இருக்கும் சீஸ். பனீரைத் துணியில் கட்டிப் பாரம் வைத்து நீரை வெளியேற்றுகிறோம். இதை அப்படி அழுத்துவதில்லை, நூறு கிராமில் கிட்டத்தட்ட 80 கிராம் நீர்தான்.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதிலும் அதே நீரில்தான் இருக்கிறது. பார்மசானை ஒரு வருடத்துக்குக் குறையாமல் வைத்து முதிர வைக்கிறார்கள். அதில் நீர் 30 கிராம்தான் மிஞ்சும். நீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். காட்டேஜில் மிச்சம் 20 கிராம், அதில் 12 புரதம். பார்மசானில் மிச்சம் 70, அதில் 33. பாதிக்கு மேல் புரதமாக இருப்பது எது? செடார் மாதிரி சீஸில் கொழுப்பு இன்னும் கூடுதல். பார்மசானுக்கு மாலைக் கறவைப் பாலை இரவெல்லாம் வைத்து, மேலே வரும் ஆடையை எடுத்துவிட்டுத்தான் காலைப் பாலோடு கலக்கிறார்கள். அதனால் அங்கே கொழுப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

சரவணன்
அக்கா, புரிகிறது. 12 கிராம் புரதம் வேண்டுமென்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டேன். காட்டேஜ் நூறு கிராம், சுமார் 100 கலோரி. பார்மசான் 36 கிராம், சுமார் 145. ஸ்லைஸ் 80 கிராம், அதாவது நாலு ஸ்லைஸ், 240 கலோரியைத் தொடுகிறது! அது போக, பாஸ்தா மேல் துருவிப் போடும்போது 36 கிராம் என்பது ஒரு குன்று. நான் போடுவது ஐந்தாறு கிராம்தான் இருக்கும்.

ரமேஷ், சென்னை
எங்கள் வீட்டில் குழந்தைக்கு தினமும் ஒரு ஸ்லைஸ். அட்டையில் நூறு கிராமுக்கு 20 என்று இருக்கிறது. ஒரு ஸ்லைஸ் 20 கிராம் எடை, ஆக 4 கிராம் புரதம். என் மனைவி அந்த 20-ஐ ஒரு ஸ்லைஸுக்கு என்று நினைத்து, முட்டையை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் இருக்கிறது. முட்டை தொடர்கிறது.

ஒரு சந்தேகம். சரவணன் பார்த்ததில் 15, என்னதில் 20. ஸ்லைஸில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மீனாட்சி
ஸ்லைஸ் என்பது சீஸை உருக்கி, நீரும், கொழுப்பு பிரியாமல் பிடித்து வைக்கும் உருக்கு உப்பும் சேர்த்து அச்சில் ஊற்றுவது. எவ்வளவு சீஸ், எவ்வளவு நீர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருள் பட்டியலில் முதலில் சீஸ் இருந்தால் பரவாயில்லை. தண்ணீர், தாவர எண்ணெய், மாவுச்சத்து என்று தொடங்கினால் புரதம் இன்னும் இறங்கியிருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான்.

அப்துல், திருச்சி
நான் கேட்க வந்தது வேறு. அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை. டயட்டீஷியன் ஸ்லைஸ் சீஸை முதலில் நிறுத்தச் சொன்னார், புரதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த உருக்கு உப்புதான் காரணமா?

மீனாட்சி
பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் தம்பி. அதில் பாஸ்பேட் வகை உப்புகள் உண்டு, அந்த பாஸ்பரஸ் உடம்பில் சுலபமாகச் சேர்ந்துவிடும். சோடியமும் அதிகம். ஆனால் காட்டேஜ் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நான் சொல்லக் கூடாது. அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டயட்டீஷியனிடமே கேளுங்கள்.

கவிதா, கோவை
சரி, பனீர்னே வச்சுக்குவோம். அந்தக் காட்டேஜ் கோவையில் எங்கே கிடைக்கும்?