தேங்கிய சரக்கும் துருப்பிடித்த சரக்கும்: மொத்தமாகப் பார்த்தால் நஷ்டம் இல்லை, ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை

பேரேடு_77

வணக்கம். ஆண்டு முடிவுக் கணக்கில் சரக்கிருப்பு மதிப்பில் சிக்கியிருக்கிறேன். எங்களிடம் இருப்பது மேசை விசிறிகள். பழைய மாடல் 300, ஒன்றின் அடக்கம் 1,200. புது மாடல் 200, அடக்கம் 1,500.

பழைய மாடலில் 60 விசிறிகள் கிடங்கில் தண்ணீர் இறங்கி நனைந்துவிட்டன. மோட்டார் ஓடுகிறது, ஆனால் முன்பக்கக் கம்பி வலை துருப்பிடித்து, அட்டைப் பெட்டி உப்பிப் போயிருக்கிறது. மீதி 240 நல்ல நிலையில் இருந்தாலும் வேகமாகப் போவதில்லை.

பழைய மாடலின் விலைப்பட்டியல் விலை 1,600. சேதமானவற்றுக்கு மட்டும் 900 போட்டேன். புது மாடலுக்கு விற்பனைச் செலவு போக 2,000 நிற்கும். எக்செல்லில் இப்படிக் கணக்கிட்டேன்:

```
=MIN(SUM(D2:D4),SUM(E2:E4))
```

D என்பது மொத்த அடக்கம், E என்பது விற்றால் வரும் தொகை. அடக்கம் 6,60,000, வரும் தொகை அதைவிட மிக அதிகம். ஆகவே அடக்கத்திலேயே விட்டேன். ஆடிட்டர் ஏற்க மறுக்கிறார். எங்கே தவறு?

கிடங்குக்காரன்

இதற்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஒரு வருடம் தாண்டிய சரக்கென்றால் பாதி மதிப்பு, இரண்டு வருடம் தாண்டினால் பூஜ்யம். நாங்கள் பல வருடமாக இப்படித்தான் செய்கிறோம், யாரும் கேட்டதில்லை.

அடக்கவிலை

பேரேடு, தவறு அந்த MIN-க்குள் SUM இருப்பதில்தான். புது மாடலில் இன்னும் விற்காத லாபம் இருக்கிறது. அதைக் கொண்டு பழைய மாடலின் நஷ்டத்தை மூடியிருக்கிறீர்கள். சரக்கிருப்புக்கான கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2 இந்த ஒப்பீட்டைப் பொதுவாகப் பொருள் பொருளாகச் செய்யச் சொல்கிறது. ஒரே வகையைச் சேர்ந்து, ஒரே சந்தையில் போய், பிரித்து மதிப்பிட முடியாத பொருள்களைச் சேர்க்கலாம். உங்களுடையது அப்படியில்லை. நனைந்ததும் நனையாததும் ஒரே மாடல் என்றாலும் வாங்குபவர்கள் வேறு, விலையும் வேறு. மூன்று வரிகளாகவே வைத்து, வரி வரியாக ஒப்பிடுங்கள்:

```
=B2*MIN(C2,F2)
```

B எண்ணிக்கை, C ஒன்றின் அடக்கம், F ஒன்றை விற்றால் கையில் நிற்கும் தொகை. மொத்தம் போடுவது இதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, 1,600 என்பது பட்டியலில் இருக்கும் விலை. பழைய மாடலை உண்மையில் என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்? அதிலிருந்து கமிஷன், அனுப்பும் செலவு எவ்வளவு போகும்? கடைசி மூன்று மாத பில்களையும் ஆண்டு முடிந்த பிறகு போட்ட பில்களையும் எடுத்துப் பாருங்கள்.

கிடங்குக்காரன், வயதைப் பார்ப்பது தவறல்ல. எந்தச் சரக்கைச் சந்தேகிக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும். பாதி என்ற விகிதம்தான் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. போன வருடம் பாதியாக்கிய சரக்கு கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று ஒருமுறை சரிபாருங்கள். முக்கால் விலைக்குப் போயிருந்தால் லாபத்தைத் தேவையில்லாமல் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள், கால் விலைக்குப் போயிருந்தால் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள்.

செம்புக்கம்பி

எனக்கும் இதே பிரச்சினை. மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், சந்தை விலை இறங்கிவிட்டது. நானும் குறைத்தே ஆக வேண்டுமா?

அடக்கவிலை

உங்களுடையது வேறு கேள்வி. கம்பியை அப்படியே விற்கப் போவதில்லை, மோட்டாராக்கி விற்கப் போகிறீர்கள். அந்த மோட்டார் அதன் முழு அடக்கத்துக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால் கம்பியைக் குறைக்க வேண்டியதில்லை. மோட்டாரே நஷ்டத்தில் போகும் நிலை வந்தால் கம்பியைக் குறைக்க வேண்டும். அப்போது இன்று அதே கம்பியை வாங்க ஆகும் விலை நல்ல அளவுகோலாக இருக்கும்.

பேரேடு_77

பில்களைப் பார்த்தேன். மூன்று மாதமாக யாருக்கும் 1,600-க்குக் கொடுக்கவில்லை. எல்லாம் 1,250. ஆண்டு முடிந்து மூன்று வாரத்தில் 35 விசிறிகள் போயின, அவையும் 1,250. கமிஷன் 6 சதவீதம், அதாவது 75. அனுப்ப 40. கையில் நிற்பது 1,135.

சேதமானவற்றுக்கு வலை மாற்றிப் பெட்டி புதிதாகப் போட ஒன்றுக்கு 180 கேட்கிறார்கள். சரிசெய்த பிறகுதான் 900 கிடைக்கும். இன்னொருவர் இருக்கும் நிலையிலேயே 700-க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். வண்டியும் அவருடையது, கமிஷனும் இல்லை.

அடக்கவிலை

பழுதுபார்த்தால் 900-இல் 180 போக 720. கமிஷன் 54, அனுப்ப 40 போனால் 626. அப்படியே கொடுத்தால் 700. அதிக விலை கிடைக்கும் வழியில் கையில் குறைவாக நிற்கிறது! அவர் 60-ஐயும் எடுப்பாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது உறுதியானால் 700-ஐ எடுங்கள். சேதமான சரக்கில் பழுதுபார்க்கும் செலவைக் கழிக்க மறப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பேரேடு_77

60-க்கும் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் நல்ல நிலையில் உள்ள 240-க்கு தலா 65 குறைகிறது, 15,600. சேதமான 60-க்கு தலா 500, 30,000. புது மாடல் அடக்கத்திலேயே 3,00,000. சரக்கிருப்பு 6,60,000-இலிருந்து 6,14,400 ஆகிறது. குறைப்பு 45,600, இந்த ஆண்டின் செலவு.

இந்தப் புதிய விலைகளையே என் பழைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வரும் தொகை 7,14,400 காட்டியது, குறைப்பே இல்லை! இப்போதுதான் ஆடிட்டர் சொன்னது புரிகிறது.

ஒரு சிக்கல் பாக்கி. நான்காவது வாரத்தில் போட்டி நிறுவனம் விலையை இறக்கிவிட்டது. மீதி 205-ஐ இப்போது 1,180-க்குத்தான் தள்ள முடிகிறது. கமிஷனும் அனுப்பும் செலவும் போக 1,069 நிற்கிறது. அந்த 205-க்கு இன்னும் ஏறக்குறைய 13,500 குறைக்க வேண்டுமா?

கிடங்குக்காரன்

கட்டாயம் குறைக்க வேண்டும். கணக்கு கையெழுத்தாவதற்குள் தெரிந்த நஷ்டம்தானே.

அடக்கவிலை

கையெழுத்துக்கு முன் தெரிந்தது என்பது மட்டும் போதாது. ஆண்டு முடிந்த அன்று இருந்த நிலையை அந்த விலை உறுதிப்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் 35 பில்கள் அப்படி உறுதிப்படுத்துகின்றன. போட்டியாளர் பிறகு எடுத்த முடிவால் விழுந்த விலை என்றால் அது அடுத்த ஆண்டைச் சேரும்.

தணிக்கை_உதவி

இதில் நான் முழுதும் ஒத்துப்போகவில்லை. 240 விசிறிகள் வைத்துக்கொண்டு, 35 விற்ற விலையிலேயே எல்லாம் போகும் என்று அன்றே நம்ப முடிந்ததா? தேங்கிய சரக்கின் கடைசிப் பகுதி முதல் பகுதியின் விலைக்குப் போவது அரிது. விலை இறங்கப்போகிறது என்ற பேச்சு ஆண்டு முடிவுக்கு முன்பே டீலர்களிடம் இருந்ததா?

பேரேடு_77

கடைசி மாதத்தில் இரண்டு டீலர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். காரணம் அப்போது கேட்கவில்லை. அந்த மின்னஞ்சல்களைத் தேடி எடுத்து ஆடிட்டரிடம் காட்டுகிறேன். 45,600-ஐ இன்றே பதிந்துவிடுகிறேன், 13,500 அவரிடம் பேசிய பிறகு.

அடக்கவிலை

அந்த டீலர்களையே கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.