சன்ஸ்கிரீன் போட்டால் முகம் விபூதி பூசியது போல ஆகிறது, மதியம் மறுபடி எப்படிப் போடுவது?

அளவைக்காரி:
கமுதி பக்கம் நில அளவை வேலை. காலை 8 மணியிலிருந்து 5 வரை பொட்டல் வெயில், ஒதுங்க வேலிக்கருவை நிழல்தான். என் நிறம் நல்ல கறுப்பு. மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்த எஸ்.பி.எஃப் 50 கிரீமைப் போட்டால் முகம் வெளிறி, 11 மணிக்கு வியர்வை காதோரம் வெள்ளைக் கோடாக இறங்குகிறது. கூட வேலை பார்க்கும் அண்ணன், "என்னம்மா, கோலமாவா?" என்கிறார். கொஞ்சமாகப் போட்டால் வெள்ளை தெரிவதில்லை, ஆனால் கன்னத்தில் கருமை ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம், புழுதி படிந்த முகத்தில் மறுபடி எப்படிப் போடுவது?

மதுரை மாப்ள:
எஸ்.பி.எஃப் 100 வாங்கி காலையில் ஒரு தடவை போட்டால் போதும். வெள்ளை தெரிந்தால் மாய்ஸ்சரைசரில் கலந்து விடுங்கள்.

ஒற்றியெடு:
மாப்ள, கலந்தால் நீர்த்துப்போகும். எண் எவ்வளவு பெரியதானாலும் வியர்வையில் வழிந்து போனது போனதுதான்.

அளவைக்காரி, ட்யூபின் பின்பக்கம் பாருங்கள். ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும், இரண்டுமே வெள்ளைப் பொடி. அவை இல்லாத ஜெல் வகை கறுப்புத் தோலில் தெரியாது. கருமைதான் கவலை என்றால் அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. நம் தோலைக் கருக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதை அயர்ன் ஆக்சைடு தடுக்கும். கடை ட்யூப்லைட்டில் பார்த்து வாங்காதீர்கள், தாடையோரம் தடவி வாசலுக்கு வந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். அதைக் குறைத்தால் ட்யூபில் போட்டிருக்கும் எண் உங்களுக்குக் கிடைக்காது. 7:40க்கு வீட்டில் போட்டால் 10க்குள் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, 2:30 வாக்கில் ஒன்று. நனைத்துப் பிழிந்த கைக்குட்டையால் முகத்தை ஒற்றி எடுங்கள், தேய்த்தால் புழுதி தோலைக் கீறும். ஈரம் உலர்ந்ததும் பூசுங்கள். கையெல்லாம் மண் என்றால் ஸ்டிக் வசதி, ஆனால் ஒரே இடத்தில் நாலு தடவையாவது இழுக்க வேண்டும்.

செல்வி அக்கா:
வெள்ளையாகத் தெரிந்தால் நல்லதுதானே? என் தங்கை அதற்காகவே போடுகிறாள்!

அளவைக்காரி:
அக்கா, நான் கேட்டது வேறு 😀

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஜெல் வகைக்கு மாறினேன், கோலமாவு போய்விட்டது. ஆனால் 12 மணிக்கு மேல் அது வழிந்து கண்ணுக்குள் போய் எரிகிறது, கருவியில் கண் வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒற்றியெடு:
ஜெல் வகையில் அந்தத் தொல்லை உண்டு. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் நிறமுள்ள ஜிங்க் வகையைப் போட்டுப் பாருங்கள், பொதுவாக அது எரியாது. தொப்பிக்குள் ஒரு துணிப்பட்டை கட்டினால் வியர்வை இறங்காது.

அளவைக்காரி:
துணிப்பட்டை சரி. நிறமுள்ளதுதான் சிக்கல், பரமக்குடியில் கிடைத்த இரண்டு நிறமும் என்னைவிட நாலு படி வெளுப்பு. கறுப்புக்குப் பொருந்துவது யாருக்காவது கிடைத்ததா?